மூன்றாவது பத்தி

கிணத்துக்கடவுக் கல்யாணத்தில் பந்தி முடிந்து எல்லாரும் மண்டபத்து வாசலில் நின்றுகொண்டிருந்தோம். நாற்காலி ஒன்றும் மிச்சமில்லை. அப்போது உங்கள் பெரியத்தை வீட்டுக்காரர், இலை எடுத்துக்கொண்டிருந்த ஆளைக் கூப்பிட்டு, நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி சொன்னார்.

"ஏப்பா, நம்ம அம்மணிக்கு வெரசா ஒரு ஸ்டூல் எடுத்தாந்து போடு. லேட்டாச்சுன்னா எழுதிக் குடுத்துப்போடும்."

எல்லாரும் சிரித்தார்கள். உங்கள் அம்மாவும் சிரித்தாள். சபையில் வேறு என்ன செய்வாள். நீங்கள் ரெண்டு பேரும்கூட சிரித்தீர்கள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அந்த மனுசர் மேல் வந்த கோபம் பாதி என்றால் உங்கள் மேல் வந்தது பாதி.

பஸ்ஸில் திரும்பி வரும்போது யோசித்தேன். உங்களுக்கு என்ன தெரியும்? 'ஒரு ஸ்டூலுக்காகத் துணிக்கடை வேலையை உட்டுப்போட்டு வந்தவ' என்றுதான் சொந்தக்காரர்கள் வாயில் இந்தக் கதை நடமாடுகிறது. நானும் இதுவரை யார் வாயையும் அடைக்கவில்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். நான் எட்டாவது வரைக்கும் படித்தவன், பகலெல்லாம் பட்டறையில் டிரில்லிங் மிஷினோடு மல்லுக்கட்டுகிறவன். எழுத்துப் பிழை இருந்தால் நீங்களே திருத்திக்கொண்டு படியுங்கள். விஷயத்தை மட்டும் திருத்தாதீர்கள். அம்மா விஷயத்தை ஒரு தரம் திருத்தியவர்களால்தான் இத்தனையும் வந்தது.

அம்மா கல்யாணத்துக்கு முன்னாலும், நீங்கள் பிறந்து பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகும், பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவள். செக்கிங் என்றால் தைத்து வருகிற பனியனில் ஓட்டை, எண்ணெய்க்கறை, தையல் விட்ட இடம் இருக்கிறதா என்று மேசைமேல் விரித்துப் பார்ப்பது. அந்த மேசைக்கு முன்னால் நாற்காலி கிடையாது. நின்று நின்று அவள் கால் நரம்பெல்லாம் முறுக்கிக்கொண்டு, முழங்காலுக்குக் கீழே பச்சையாகப் புடைத்துவிட்டது. பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா அதற்கு நரம்புச் சுருட்டல் என்று பேர் சொன்னார். இறுக்கமான காலுறை போடச் சொன்னார். "நிக்கலாம்மா, ஆனா நின்னுட்டே இருக்கக்கூடாது. நடுநடுவுல உக்காரணும், கால நீட்டணும்" என்றார். அவ்வளவுதான் வைத்தியம்.

அந்தக் கம்பெனியை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். கொஞ்ச நாள் அம்மா வீட்டில் இருந்தாள். அப்புறம் டவுனில் ஒரு பெரிய ஜவுளிக்கடை வாசலில் போர்டு பார்த்தாள். விற்பனைக்குப் பெண்கள் தேவை, கைப்பட எழுதிய விண்ணப்பத்துடன் நேரில் வரவும் என்று இருந்தது. கடைப் பேரை இங்கே எழுதப்போவதில்லை. அந்தக் கடையில் அரைப்பாவாடை எடுக்காத வீடு நம் சொந்தத்தில் இல்லை, அதுபோதும்.

கம்ப்யூட்டர் பில் போடுகிற கடைக்குக் கையெழுத்து எதற்கு என்று எனக்குச் சந்தேகம். அம்மாதான் சொன்னாள், பிரித்துக் காட்டின சேலையில் எது வேணும் எது வேண்டாம் என்று சீட்டில் எழுதித்தான் பில் கவுண்டருக்கு அனுப்புவார்களாம். எழுத்துப் புரியாவிட்டால் அங்கே சண்டை வருமாம்.

சின்னவளுக்கு இந்த வருஷம் பள்ளிக்கூடத்தில் விண்ணப்பக் கடிதம் பாடம் இருக்கிறது, இல்லையா கண்ணு? உன் புஸ்தகத்தில் இருப்பதைவிட உங்கள் அம்மா எழுதியது சுத்தம். வெள்ளைத் தாளுக்கு அடியில் உன் கோடு போட்ட நோட்டிலிருந்து ஒரு தாளை வைத்துக்கொண்டாள், வரி கோணாமல் இருக்க. இடப்பக்கம் ஒரு விரக்கடை மடித்து ஓரம் விட்டாள். அனுப்புநர் என்று போட்டுப் பேரும் விலாசமும். அதற்குக் கீழே பெறுநர். அப்புறம் இப்படி:

பொருள்: விற்பனைப் பிரிவில் வேலை வேண்டி விண்ணப்பம்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் கடையில் விற்பனைக்குப் பெண்கள் தேவை என்ற அறிவிப்பைப் பார்த்தேன். அந்த வேலையை எனக்கு வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

நான் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி பெற்றுள்ளேன். பனியன் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை செய்த அனுபவம் உண்டு. துணியில் பழுது இருந்தால் பார்த்ததும் சொல்லிவிடுவேன்.

எனக்கு இரண்டு கால்களிலும் நரம்புச் சுருட்டல் உள்ளது. வேலைக்கு அதனால் தடை வராது. வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் மட்டும் உட்கார ஒரு ஸ்டூல் தந்து உதவினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள

என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, இடப்பக்கம் இடமும் நாளும் குறித்தாள். நீல மை. அடித்தல் திருத்தல் ஒன்றுகூடக் கிடையாது.

நான் படித்துப் பார்த்துவிட்டு, "மூணாவது பத்திய எதுக்கு எழுதறே? சேந்து ஒரு மாசம் போகட்டும், அப்புறம் கேட்டுக்கலாமில்ல?" என்றேன்.

"சேந்த பொறவு சொன்னா, மறைச்சுப்போட்டு வந்தான்னு சொல்லுவாங்க மாமா. முன்னாலயே சொல்லிப்போட்டா ஆருக்கும் பேச்சில்ல."

இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அவள் சொன்ன வார்த்தை இதுதான்.

மறுநாள் நானும் கூடப் போனேன். மாடிப்படிக்குப் பக்கத்தில் கண்ணாடி அடித்த சின்ன ரூமில் மேனேஜர் இருந்தார். ஏ.சி. சிலுசிலுவென்று இருந்தது. சட்டைப் பையில் பச்சை மைப் பேனா. எங்களை உட்காரச் சொன்னார். தண்ணீர் வரவழைத்தார். விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"ஏனுங்கம்மணி, எழுத்து முத்து முத்தா இருக்குதுங்களே. எங்க புள்ளைங்க எழுதறதப் பாத்தா கோழி நடந்த மாதிரி இருக்குமுங்க."

அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எனக்கும்தான். அவர் மேலிருந்து கீழே படித்துக்கொண்டே வந்தார். மூன்றாவது பத்திக்கு வந்ததும் நின்றார். பேனாவை எடுத்தார். அந்தப் பத்தியைச் சுற்றி மேலேயும் கீழேயும் வளைத்து ஒரு அடைப்பு போட்டு, ஓரத்தில் ஒரு பெருக்கல் குறி இட்டார். பச்சை மையில். எங்கள் கண் முன்னாலேயே. வாத்தியார் கணக்கைத் திருத்துவது மாதிரி.

அப்புறம் டிராயரைத் திறந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அம்மா முன்னால் வைத்தார்.

"இதே மாதிரி இன்னொண்ணு எழுதிக் குடுத்துருங்கம்மணி. இந்தப் பத்தி மட்டும் வேண்டாமுங்க."

"ஏனுங்க, ஒக்காரக் கூடாதுங்களா?"

"அட, ஒக்காருங்க. ஆரு வேண்டாம்னாங்க? ஸ்டூல நான் குடுக்கறேனுங்க. என் வார்த்தைதானுங்க. ஆனா எழுத்துல வேண்டாம். வாயில சொன்னது வாயோட போயிருமுங்க. எழுதுனது ஃபைல்ல நிக்கும். நாளைக்கு ஒருத்தி ஸ்டூல்னு எழுதுவா, நாளன்னைக்கு ஒருத்தி ஃபேன்னு எழுதுவா. அதுக்குத்தானுங்க."

எனக்கு எழுந்து வந்துவிடலாம் என்று இருந்தது. ஆனால் நம் ஊரில் ஒருத்தர் வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டுப் பேசினால், எதிராளி கையைக் கட்டிப் போட்டது மாதிரிதான். வைதால் திருப்பி வையலாம். தண்ணீர் கொடுத்து, கையெழுத்தை மெச்சி, நயமாகப் பேசுகிற மனுசனை என்னவென்று வைவது? கடையில் எல்லாருக்கும் உட்கார இடம் கொடுக்க வேண்டும் என்று நம் மாநிலத்தில் சட்டமே போட்டிருக்கிறார்கள். டீக்கடைப் பேப்பரில் நானே படித்திருக்கிறேன். அதைச் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அம்மா என் முழங்கையைத் தொட்டாள். வேலை வேண்டும் அவளுக்கு.

அவளுடைய பேனா வீட்டிலேயே இருந்துவிட்டது. மேனேஜர் தன் பேனாவையே நீட்டினார். அடியில் கோடு போட்ட தாள் இல்லாமலேயே அம்மா நேர் வரியாக எழுதினாள். இரண்டு பத்தி. பச்சை மையில்.

அவர் அதைத் துளையிட்டு ஃபைலில் கோத்தார். பழைய தாளை, "இத நீங்களே வெச்சுக்கங்க, எதுக்கு வீணா" என்று திருப்பிக் கொடுத்தார். சிக்கனமான மனுசர். அந்தச் சிக்கனத்துக்கு இன்றைக்கும் நான் நன்றி சொல்கிறேன். அம்மா அதை நாலாக மடித்து ஹேண்ட்பேக்கில் வைத்துக்கொண்டாள்.

வேலையில் சேர்ந்தாள். பட்டுக்கு மேல்மாடி, அதற்குக் கீழே காட்டன், பூனம் சேலை. அம்மா காட்டனில். காலையில் கடை திறப்பதற்கு முன்னால் போக வேண்டும், இரவு கடை சாத்தின பிறகு வர வேண்டும். அந்த மாடியில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல் இருந்தது. மேல் தட்டில் இருக்கிற சேலையை எடுக்க ஏறுவதற்கு. அப்புறம், சேலை எடுக்க வந்தவர்களின் குழந்தை அழுதால் உட்கார வைப்பதற்கு. விற்கிற பெண்கள் அதில் உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் மேலே இருக்கிற கேமராவில் தெரியும். உடனே இண்டர்காம் அடிக்கும். "காட்டன்ல ஆரும்மா ஒக்காந்திருக்கறது?"

சுவரில் சாயவும் கூடாது. சாய்ந்தால் கடைக்கு வருகிறவர்களுக்கு, இங்கே வியாபாரம் இல்லை என்று தோன்றுமாம்.

அந்தப் பெண்கள் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். கீழ்த் தட்டில் நன்றாக மடித்து அடுக்கியிருக்கிற சேலையைக் கலைத்து, மறுபடி குத்தவைத்து உட்கார்ந்து அடுக்குவது. கேமராவுக்கு வேலை செய்கிற மாதிரி இருக்கும், காலுக்குக் கொஞ்சம் ஓய்வு. அம்மாவுக்குக் குத்தவைப்பதும் ஆகாது. முழங்கால் மடங்கினால் நரம்பு இன்னும் இறுகும். ஆகவே அவள் நின்றாள். இரவு வந்து சுவரில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு படுத்திருப்பாளே, 'அம்மா ஏன் தலைகீழாப் படுத்திருக்கறா' என்று நீங்கள் கேலி செய்வீர்களே, அது இதற்குத்தான்.

மேனேஜரிடம் ரெண்டு மூணு தரம் கேட்டாள்.

"ஆகட்டுங்கம்மணி, ஸ்டூல் ஆர்டர் போட்டாச்சுங்க."

"வந்துட்டே இருக்குதுங்க."

ஒரு தரம் சிரித்துக்கொண்டே, "ஏனுங்கம்மணி, உங்க காலு எங்க ஸ்டூலுக்காகவே காத்திட்டிருக்குதா?" என்றாராம். பக்கத்திலிருந்த பெண்களும் சிரித்தார்களாம். பயத்தில் சிரிக்கிற சிரிப்பு. அதை வீட்டில் வந்து சொல்லும்போது அம்மாவும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. நான் போய்ப் பேசுகிறேன் என்றேன். "நீங்க போனா வேலை போயிரும். ஆடி முடியட்டும்" என்றாள்.

ஆடித் தள்ளுபடி வந்தது. அந்தக் கூட்டத்தை நீங்களே பார்த்திருக்கிறீர்கள். சாப்பிடப் போகவும் விடவில்லை. ஒரு சாயங்காலம், யாரோ ஒரு அம்மாவுக்குச் சேலையைத் தோளில் போட்டுக் காட்டிக்கொண்டிருக்கும்போது, கணுக்காலுக்கு மேலே புடைத்திருந்த நரம்பு உடைந்துவிட்டது. வலிகூட இல்லையாம். கால் ஈரமாக இருக்கிறதே என்று பார்த்தாளாம். காலுறையைத் தாண்டி ரத்தம் செருப்பை நிறைத்து, தரையில் விரித்திருந்த வெள்ளைத் துணிமேல் பட்டிருக்கிறது.

சேலை எடுக்க வந்த அந்த அம்மாதான் கத்தினார். அவரே அம்மாவைப் படுக்க வைத்து, காலைத் தூக்கி, துண்டை வைத்து அழுத்திப் பிடித்திருக்கிறார். அந்தக் கடையில் உங்கள் அம்மா முதல் தடவையாகக் காலை நீட்டியது அப்போதுதான். பட்டறைக்கு ஃபோன் வந்து நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது கட்டுப் போட்டிருந்தார்கள். "அழுத்திப் பிடிச்சதால தப்பிச்சாங்க" என்றார் டாக்டரம்மா. அந்த அம்மா யார் என்றே தெரியாது. கடைக்காரர்கள் அவரிடம் மன்னிப்புக் கேட்டு வேறு சேலை கொடுத்து அனுப்பினார்களாம்.

உங்களிடம் அன்றைக்கு, கால் தடுக்கிவிட்டது என்று சொன்னோம்.

ஒரு வாரம் போனது. அம்மா கால் நீட்டிப் படுத்திருந்தாள். கடையிலிருந்து ஃபோன். முதலாளி பார்க்க வேண்டும் என்கிறார். போனோம். அம்மா கட்டுப் போட்ட காலோடு மெதுவாக நடந்தாள். ஹேண்ட்பேக்கை ஏன் இறுக்கிப் பிடித்திருந்தாள் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

முதலாளி வயசானவர். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. மேனேஜர் பக்கத்தில் நின்றார். முதலாளி எங்களை உட்கார வைத்து நலம் விசாரித்தார். காலைப் பார்த்து உச்சுக்கொட்டினார். அப்புறம் ஃபைலைத் திறந்தார்.

"அம்மணி, தப்பா எடுத்துக்காதீங்க. இத்தாப் பெரிய நோவ வெச்சுக்கிட்டு, விண்ணப்பத்துல ஒரு வார்த்த எழுதுலீங்களே. மறைச்சுப்போட்டு வேலைக்கு வந்திருக்கறீங்களே. நல்ல குடும்பத்துப் பொம்பள இப்பிடிச் செய்யலாமுங்களா? ஏதாச்சும் ஆகியிருந்தா கடை பேரு என்னாகறதுங்க?"

ஃபைலைத் திருப்பி எங்கள் பக்கம் காட்டினார். பச்சை மை விண்ணப்பம். இரண்டே பத்தி.

அம்மா மேனேஜரைப் பார்த்தாள். அவர் ஏ.சி. மிஷினைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் எழுதுனேனுங்க" என்றாள் அம்மா. "இவருதானுங்க அந்தப் பத்தி வேண்டாம்னு, வேற எழுதச் சொன்னாரு."

"நானுங்களா?" என்றார் மேனேஜர். "எனக்கு அப்பிடியொண்ணும் ஞாபகமில்லீங்களே அம்மணி. தெனமும் எத்தனையோ பேரு வாராங்க."

அந்தக் குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னை எரித்தது. பொய்யைக்கூட 'ங்க' போட்டுச் சொல்கிற மனுசன்.

அம்மா பையைத் திறந்து, நாலாக மடித்த தாளை எடுத்து மேசைமேல் பிரித்து வைத்தாள். நீல மை. மூன்று பத்தி.

மேனேஜர் எட்டிப் பார்த்தார். "இது நேத்து எழுதுனதாக்கூட இருக்கலாமில்லீங்களா?" என்றார் முதலாளியிடம்.

நான் அந்தத் தாளையும் ஃபைலையும் பக்கத்தில் பக்கத்தில் தள்ளி வைத்தேன்.

"மொதலாளி, இந்தப் பத்தியச் சுத்திப் போட்டிருக்கற பச்சை அடைப்பு ஆரு போட்டதுங்க? சரி, அத உடுங்க. உங்க ஃபைல்ல இருக்கற விண்ணப்பம் எதுக்குங்க பச்சை மையில இருக்குது? வேலை கேட்டு வாரவ ஊட்டுல பச்சைப் பேனா வெச்சிருப்பாளுங்களா?"

முதலாளி ரெண்டு தாளையும் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அப்புறம் தலையைத் தூக்கி மேனேஜரின் சட்டைப் பையைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. விளங்கிவிட்டது என்று எங்களுக்கும் விளங்கிவிட்டது. இனி, தப்பு நடந்துபோச்சு என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று நான் காத்திருந்தேன்.

"செரீங்க" என்றார். "ஆனது ஆச்சு. சின்ன விஷயத்தப் பெருசு பண்ண வேண்டாம். கால் ஆறுனதும் அம்மணி வேலைக்கு வரட்டும். ஸ்டூல் போடச் சொல்றேன். ஒண்ணே ஒண்ணு மட்டும். நோவச் சொல்லாம உட்டதுக்கு வருந்தறேன்னு ரெண்டு வரி எழுதிக் குடுத்துருங்க. ஃபைலுக்குத்தானுங்க. நாளைக்கு ஆராச்சும் வந்து கேட்டா கடை மேல வரக்கூடாது பாருங்க."

மேனேஜர் டிராயரைத் திறந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்தார். தாளின்மேல் தன் பச்சைப் பேனாவையும் வைத்தார். பழக்கம்.

எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. "நீ எழுது" என்றேன் அவரைப் பார்த்து. "எழுதறதும் உன் பேனா, அழிக்கறதும் உன் பேனா. இதையும் நீயே எழுதிக்கோ."

'ங்க' இல்லாமல் பேசினதும் அந்த ரூமே விறைத்துப்போனது. நரம்பு உடைந்தபோது பதறாதவர்கள் இதற்குப் பதறினார்கள்.

"ஏனுங்ணா, மரியாதையாப் பேசுங்க" என்றார் முதலாளி.

"மரியாதைய இத்தன நாளா குடுத்துட்டுத்தானுங்க இருந்தோம். அது உங்க ஃபைல்லயே இருக்குது பாருங்க, 'பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்'னு."

அம்மா என்னை நிறுத்தினாள். பச்சைப் பேனாவை ஒரு விரலால் ஓரமாகத் தள்ளினாள். தன் பையிலிருந்து நீலப் பேனாவை எடுத்தாள். இந்தத் தடவை கொண்டுவந்திருந்தாள். தாளின் ஓரத்தை மடித்து, அனுப்புநர், பெறுநர் எல்லாம் முறையாகப் போட்டாள். முதலாளி, மன்னிப்புத்தான் எழுதுகிறாள் என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். அவள் எழுதியது இது:

பொருள்: என் முதல் விண்ணப்பத்தைக் கோப்பில் சேர்க்க வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். வேலை கேட்டு நான் முதலில் எழுதிய விண்ணப்பத்தை இத்துடன் இணைத்துள்ளேன். அதன் மூன்றாவது பத்தியைத் தங்கள் மேலாளர் நீக்கச் சொன்னதால் வேறு எழுதித் தந்தேன். நான் எதையும் மறைக்கவில்லை. இதைக் கோப்பில் சேர்த்து, பெற்றுக்கொண்டதாகக் கையொப்பம் இட்டுத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி.

முதலாளி படித்தார். தாளை மெதுவாக எங்கள் பக்கம் நகர்த்தினார்.

"இத வாங்குனா வேலை இல்லீங்கம்மணி."

"வேலைய உடுங்க. இத வாங்கிக்கங்க."

"எங்களால முடியாதுங்க."

"அப்ப நான் மறைச்சவள்னே ஃபைல்ல இருக்கோணுமுங்களா?"

அவர் ஃபைலை மூடினார். மணியடித்து, "காப்பி சாப்பிட்டுட்டுப் போங்க" என்றார். உங்கள் அம்மா ரெண்டு தாளையும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தாள். கட்டுக்காலோடு அந்தப் படியில் இறங்கும்போது நான் கை கொடுத்தேன். பிடித்துக்கொள்ளவில்லை.

இப்போது சொல்லுங்கள், இது ஸ்டூலுக்காக விட்ட வேலையா? ஸ்டூல் போடுகிறேன் என்றுதான் அவர்கள் சொன்னார்கள். பொய்க்காரி என்று தன் கையெழுத்திலேயே எழுதிக் கொடுத்துவிட்டு அந்த ஸ்டூலில் உட்கார அவள் சம்மதிக்கவில்லை.

மறுநாள் ஜெராக்ஸ் எடுத்தோம். ரெண்டு தாளின் நகலையும் கடைக்குப் பதிவுத் தபாலில், ஒப்புதல் அட்டை வைத்து அனுப்பினோம். இன்னொரு நகலைத் தொழிலாளர் துறை ஆபீசில் நான் லீவு போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அங்கே வாங்கி, முத்திரை குத்தி, நகலைத் திருப்பித் தந்தார்கள்.

கடையிலிருந்து ஒப்புதல் அட்டை திரும்பி வந்தது. பெற்றுக்கொண்டவர் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் மேனேஜர் கையெழுத்து. பச்சை மை. வாங்க முடியாது என்றதை வாங்கிக் கையெழுத்தும் போட்டுவிட்டார்கள். அம்மா அதை வெகுநேரம் பார்த்தாள். பிறகு அந்தத் தாள்களோடு சேர்த்து பீரோவில், உங்கள் ரெண்டு பேர் பிறப்புச் சான்றிதழ் இருக்கிற பையில் வைத்தாள். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. எடுத்துப் படியுங்கள்.

கொஞ்ச நாள் கழித்து, அம்மாவோடு வேலை பார்த்த ஒரு பெண்ணை உக்கடம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். "அண்ணா, மாடிக்கு மாடி ஸ்டூல் போட்டுட்டாங்க" என்றாள். எனக்கு மனசு நிறைந்துபோய், "ஒக்காந்தீங்களா?" என்றேன். "எங்கீங்ணா? அதுக்குப் போட்டிருக்கற பிளாஸ்டிக் கவரே இன்னும் பிரிக்கலீங்க. ஆபீசருங்க வந்து பாத்துட்டுப் போனாங்க. கவரப் பிரிச்சா அழுக்காயிருமாம்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்கு மறுபடியும் அந்த ரூமில் நிற்கிற மாதிரி இருந்தது. கோபம் ஆறிவிடும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு ஆறவில்லை. ஆற வேண்டும் என்றும் எனக்குத் தோன்றவில்லை.

அம்மா இப்போது வேலை பார்க்கிற தையல் சாமான் கடைக்கும் விண்ணப்பம் எழுதித்தான் போனாள். அங்கே யாரும் எழுத்தில் கேட்கவில்லை. அவளாகவே எழுதினாள். நரம்புச் சுருட்டல் விஷயம் இந்தத் தடவை முதல் பத்தியிலேயே இருந்தது. அந்தக் கடைக்கார பாய், பட்டன் டப்பாக்களுக்கு நடுவில் உட்கார்ந்து முழுக்கப் படித்துவிட்டு, "என்னம்மா இது, நின்னுக்கிட்டு எவன் பட்டன் எண்ணுவான்?" என்றார். அந்தத் தாளை ஆணியில் குத்தி வைத்தார். அம்மா அதில் தேதியோடு ஒரு கையெழுத்துக் கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே போட்டுக் கொடுத்தார்.

ஆனால் அந்தப் பெரிய கடை ஃபைலில், அந்த இரண்டு பத்தி விண்ணப்பம் இன்னும் கோத்தபடிதான் இருக்கும். அதை எடுத்துப் பார்க்கிறவர்களுக்கு உங்கள் அம்மா இன்னும் நோவை மறைத்தவள்தான். அதற்குப் பக்கத்தில் மற்ற தாள்களையும் கோத்தார்களா, கிழித்துப் போட்டார்களா, தெரியாது.

அடுத்த மாசம் வெள்ளகோவிலில் ஒரு சீர் இருக்கிறது. பெரியத்தை வீட்டுக்காரர் கட்டாயம் வருவார். அம்மணிக்கு ஸ்டூல் போடு என்று மறுபடியும் சொல்வார். நீங்கள் ரெண்டு பேரும் சிரிக்கக் கூடாது. எதிர்த்துப் பேசவும் வேண்டாம். போய் ஒரு ஸ்டூலை எடுத்துவந்து போடுங்கள். அம்மா உட்காரட்டும். அதற்கப்புறம் யாராவது சிரித்தால், நான் பார்த்துக்கொள்கிறேன்.